டேட் முடிந்து எழுதும் குறிப்பில் "அவருக்கு என்னைப் பிடித்ததா" மட்டும்தான் இருக்கிறது. எனக்கு என்ன வேண்டும் என்று எப்படி எழுதுவது?

கொழிஞ்சாம்பாறைக்காரி

எனக்கு 29. ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலை கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், வாரநாட்களில் ஹாஸ்டல், சனி ஞாயிறு வீடு. தை மாதத்திலிருந்து ஏழு பேரைச் சந்தித்திருக்கிறேன், ஆப் வழியாக நான்கு பேர், மேட்ரிமோனி வழியாக இரண்டு பேர், ஒருவர் தோழி சொல்லி. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்ததும் போனில் நான்கைந்து வரி எழுதி வைப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை ஏழையும் ஒன்றாக வாசித்தேன், மனசே கனத்துவிட்டது. எல்லாம் இப்படித்தான் இருக்கிறது:

"நன்றாகத்தான் பேசினார். கிளம்பும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நான் அதிகம் பேசிவிட்டேனோ. அந்தப் பச்சைச் சுடிதாரைப் போட்டிருக்கலாம். மெசேஜ் வந்தால் தெரியும்."

மூன்றாவதாகச் சந்தித்தவர் வேண்டாம் என்று சொன்னதும் இரண்டு நாள் அழுதேன். இப்போது யோசித்தால் அவர் பேசியதில் ஒரு வாக்கியம்கூட நினைவில் இல்லை. அவரை எனக்குப் பிடித்திருந்ததா என்றே தெரியவில்லை. குறிப்பிலும் அது இல்லை. இதை யாராவது வேறு மாதிரி எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

நான் எக்செல்லில் வைத்திருக்கிறேன். வேலை, உயரம், சைவமா அசைவமா, ஊர் தூரம், குடும்பம், பேச்சு, சிரிப்பு என்று பத்து கட்டம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க், கடைசியில் சராசரி. 7.5-க்கு மேல் வந்தால் இரண்டாவது தடவை சந்திப்பேன், இல்லையென்றால் இல்லை. உணர்ச்சி குறுக்கே வராது, யாருக்கு என்னைப் பிடித்தது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. வேண்டுமென்றால் ஷீட்டை அனுப்புகிறேன்.

ஆற்றங்கரை

சகோதரி, ஒருத்தரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இப்படி எழுதி வைப்பது சரியா? சம்பளம், போட்டோ, என்ன சாப்பிட்டார் என்பதெல்லாம் போனில் கிடந்து நாளைக்கு யார் கையிலாவது சிக்கினால்? என்னைப் பற்றி யாரோ இப்படி எழுதி வைத்திருந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். அப்புறம் ஒன்று, குறிப்பு எழுதுபவர்கள்தானே, சொல்லுங்கள்: நான் சந்தித்த பெண் என் மெசேஜைப் பார்த்துவிட்டு நான்கு நாளாகப் பதில் போடவில்லை, நீல டிக் விழுந்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம்?

கொழிஞ்சாம்பாறைக்காரி

அண்ணா, நான் எழுதுவதில் பேரோ நம்பரோ போட்டோவோ இல்லை, "மூணாவது ஆள்" என்றுதான் இருக்கும். என் கேள்வி அவர்களைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. உங்கள் நீல டிக்குக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதே நீல டிக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் இங்கே வந்து நிற்கிறேன்.

புழையோரம்

தங்கச்சி, நான் பாலக்காட்டில் 12 வருஷமாகக் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நானே இந்தக் குறிப்பு வேலையை ஒன்றரை வருஷம் செய்திருக்கிறேன், முதல் ஆறு மாதம் உங்களைப் போலத்தான் எழுதினேன்.

முதலில் மாற்ற வேண்டியது நேரம். நீங்கள் எப்போது எழுதுகிறீர்கள்? ஹாஸ்டலுக்கு வந்து, குளித்து, போனைப் பார்த்து, "பத்திரமாப் போய்ச் சேந்தீங்களா" என்று அவர் கேட்டிருக்கிறாரா என்று பார்த்த பிறகு என்றால், அது அந்தச் சாயங்காலத்தைப் பற்றிய குறிப்பே இல்லை. பதில் வந்திருந்தால் மூன்று மணி நேரமும் இனித்ததாகத் தெரியும், வராவிட்டால் அதே மூன்று மணி நேரம் கசந்துபோகும். அதனால் மெசேஜுக்கு முன்னால் எழுதுங்கள். பேருந்திலேயே, போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, முடிந்தால் போனே இல்லாமல் ஒரு 40 பக்க நோட்டில். பத்து நிமிஷம், அரைப் பக்கம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, காரணம் எழுதாதீர்கள். "ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை" என்று எழுத உட்கார்ந்தால், வாயில் சுலபமாக வருகிற காரணம்தான் தாளில் ஏறும். நல்ல வேலை, நன்றாக உடுத்தியிருந்தார், மரியாதையாகப் பேசினார். ஏறியதும் அதையே நாமும் நம்ப ஆரம்பித்துவிடுவோம். 1991-ல் டிமோதி வில்சனும் ஜோனதன் ஸ்கூலரும் மாணவர்களுக்கு ஸ்ட்ராபெர்ரி ஜாம் சிலவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். சுவைத்துவிட்டு அப்படியே வரிசைப்படுத்தியவர்களின் வரிசை, சுவை நிபுணர்களின் வரிசைக்கு ஓரளவு பக்கத்தில் இருந்தது. ஏன் பிடித்தது என்று காரணம் எழுதிவிட்டு வரிசைப்படுத்தியவர்கள் விலகிப் போனார்கள். ஜாமுக்கே இப்படி.

காரணத்துக்குப் பதில் நடந்ததை எழுதுங்கள், அதுவும் உங்கள் பக்கம் நடந்ததை. என் குரல் எப்படி இருந்தது, வீட்டில் பேசுகிற மாதிரியா, இன்டர்வியூவில் பேசுகிற மாதிரியா? சொல்ல வந்து எதை விழுங்கினேன்? எந்த இடத்தில் மணி பார்த்தேன், எந்த இடத்தில் நேரம் போனதே தெரியவில்லை? இந்த மூன்று போதும். அவரைப் பற்றி எழுதினால் அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், "நல்லவர்" என்று எழுதாதீர்கள். "அவருக்கு என்னைப் பிடித்ததா" என்பதற்குக் கடைசியில் ஒரே ஒரு வரி ஒதுக்குங்கள். அதைத் தடுத்தால் எல்லா வரிக்குள்ளும் புகுந்துவிடும், என் அனுபவம் அது.

இரண்டு நாள் கழித்து, முதல் குறிப்பைத் திறக்காமல், இன்னும் மூன்று வரி: இந்த இரண்டு நாளில் தானாக நினைவுக்கு வந்தது என்ன? நான்கைந்து பேர் சேரும்வரை எதையும் ஒப்பிட்டு வாசிக்காதீர்கள்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

அக்கா, என் ஷீட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்களே. எண் போட்டால் மூன்று மாதம் கழித்தும் ஒப்பிடலாம். "குரல் எப்படி இருந்தது" என்பதை எப்படி ஒப்பிடுவது?

புழையோரம்

தள்ளவில்லை தம்பி. ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பு எழுதுவதற்கு முன்னாலேயே போடுங்கள்: "இன்னும் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்கலாமே என்று எவ்வளவு தோன்றியது?" அது உதவும். சிக்கல் உங்கள் பத்து கட்டத்தில்தான், அவற்றை நீங்கள் யாரையும் சந்திப்பதற்கு முன்னாலேயே போட்டுவிட்டீர்கள். 2008-ல் பால் ஈஸ்ட்விக்கும் ஈலை ஃபிங்கலும் ஸ்பீட் டேட்டிங்குக்கு வந்த கல்லூரி மாணவர்களிடம் எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள். அழகு முக்கியம், சம்பாத்தியம் முக்கியம் என்று சொன்னதற்கும் நேரில் பார்த்தபோது யார் மேல் மனசு போனது என்பதற்கும் பெரிய தொடர்பு இல்லை. முன்னாலேயே கட்டம் கட்டினால் கட்டத்தில் உள்ளதுதான் கண்ணில் படும். தங்கச்சி தேடுவது தனக்கே இன்னும் தெரியாத ஒன்றை.

ஊர் தூரம், சைவம் அசைவம் மாதிரி விஷயங்கள் வேறு. அவை பிடிப்பதும் பிடிக்காததும் இல்லை, ஒத்துவருமா வராதா என்பது. அதற்குத் தனியாக ஒரு பக்கம் இருக்கட்டும். சராசரி மட்டும் வேண்டாம், ஒன்பது நல்ல மார்க் சேர்ந்து ஒரு பெரிய பூஜ்யத்தை மறைத்துவிடும்.

மீனாட்சிபுரம் கவிதாயினி

எங்கள் வீட்டில் டேட் என்றெல்லாம் இல்லை. பெண் பார்க்க வந்தார்கள், கூடத்தில் 14 பேர், அப்புறம் கிணற்றடியில் நாங்கள் இரண்டு பேரும் பத்து நிமிஷம். அன்றைக்கு ராத்திரி நானும் எழுதினேன். வாசித்தால் அவருடைய அம்மா என் கையைப் பார்த்தது, பலகாரத்தில் உப்பு கூடிப்போனது, இதுதான் ஒரு பக்கம். அவர் கண்ணாடி போட்டிருந்தாரா என்றுகூட எழுதவில்லை. புழையோரம் சேச்சி சொல்வது இந்தப் பத்து நிமிஷத்துக்கும் பொருந்துமா? எழுத இடமில்லாதவர்கள் மொட்டை மாடிக்குப் போய்த் தனக்குத்தானே மூன்று நிமிஷம் வாய்ஸ் நோட் போட்டுக்கொள்ளலாம், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். குரலைத் திரும்பக் கேட்டால் எழுத்தில் வராதது தெரிகிறது.

புழையோரம்

பொருந்தும், ஆனால் பத்து நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷத்துக்கு உண்டானதுதான் கிடைக்கும். அங்கே "எதை விழுங்கினேன்" என்ற ஒரு கேள்வி போதும். வாய்ஸ் நோட் நல்ல யோசனை. நான் யோசித்ததே இல்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரி

சேச்சி, இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு பேருக்கு எழுதினேன், அப்படியே போடுகிறேன்.

எட்டாவது ஆள். சனிக்கிழமை, கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ், நடந்துவிட்டு ஹோட்டலில் உட்கார்ந்தோம். எண் 8. "குரல் மெல்லிசாக இருந்தது, ஆபீஸ் குரல். 'கொஞ்சம் வெள்ளம் வேணும்' என்றேன், 'எங்க, அணை உடைஞ்சிருச்சா' என்று சிரித்தார், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் 'தண்ணீர்' என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். சாயா என்று வந்ததை டீ என்று மாற்றினேன். விழுங்கியது: அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்பது. மணி பார்க்கவில்லை. அவர் சொன்னது: 'உங்க தமிழ் க்யூட்டா இருக்கு.' அவருக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்."
இரண்டு நாள் கழித்து: "தானாக நினைவுக்கு வந்தது அவர் இல்லை, அணை உடைந்தது என்று சொன்னதுதான். அலுவலகத்தில் 'வெள்ளம்' என்று சொல்ல வந்து நிறுத்தினேன்."

ஒன்பதாவது ஆள். ஞாயிறு, பாலக்காட்டுக் கோட்டை, அகழியைச் சுற்றி நடந்தோம். எண் 5. "வீட்டுக் குரல். பாதி தமிழ், பாதி மலையாளம், எப்போது மாறினேன் என்று கவனிக்கவில்லை. அப்பா இறந்த வருஷம் நெல் அறுக்க ஆள் கிடைக்காததைச் சொன்னேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. மணி நான்கு தடவை பார்த்தேன். விழுங்கியது: கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே இருப்பது. அவர் சொன்னது: 'பின்னே ஆர் அறுத்தது?' அவருக்கு என்ன தோன்றியதோ, தெரியவில்லை."
இரண்டு நாள் கழித்து: "அந்தக் கேள்வி. அவர் நின்று கேட்டது."

எனக்கு ஒன்பதாவது ஆளுக்கு 5-தான், மணியும் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் எட்டாவது ஆள்தானா?

புழையோரம்

மணி ஏன் பார்த்தீர்கள்? அலுப்பா, பேருந்தா?

கொழிஞ்சாம்பாறைக்காரி

பேருந்து. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மதியம் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

புழையோரம்

அப்படியானால் அந்த 5-ல் பசியும் பேருந்தும் உட்கார்ந்திருக்கின்றன. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், குறிப்பின் தலையில் ஒரு வரி: என்ன சாப்பிட்டேன், எப்படித் திரும்ப வேண்டும், தூக்கம் எப்படி, எந்த இடம். இடம் மனசை நிறையவே ஏமாற்றும். 1974-ல் கனடாவில் கபிலானோ தொங்குபாலத்தில் டட்டனும் ஆரனும் செய்த சோதனை ஒன்று உண்டு. உயரமான ஆட்டப் பாலத்தைக் கடந்து வந்த ஆண்களில், அங்கே நின்று பேசிய பெண்ணுக்குப் பிற்பாடு போன் செய்தவர்கள், தாழ்ந்த உறுதியான பாலத்தைக் கடந்தவர்களைவிட அதிகம். பாலத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சைப் பெண்ணுக்காக அடித்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள் என்று விளக்கினார்கள். மலம்புழாவில் ரோப்வேயில் ஏறி இறங்கியதும் மார்க் போடாதீர்கள் என்று என்னிடம் வருபவர்களிடம் சொல்வேன்.

இப்போது இரண்டு குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டாவது ஆளிடம் நீங்கள் உங்கள் நாக்கைக் காவல் காத்தீர்கள். அந்தக் காவல் அன்றோடு முடியாமல் அலுவலகம்வரை வந்திருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை, கேலிகூட இல்லை அது. ஆனால் 8 என்பது "நன்றாக நடந்துகொண்டேன், பாஸாகிவிட்டேன்" என்ற 8-ஆகவும் இருக்கலாம். ஒன்பதாவது ஆளிடம் வாய் தானாக ஓடியிருக்கிறது, யாரிடமும் சொல்லாததைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியதில் ஒன்று இங்கே எட்டிப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: பேச்சைத் திருத்திக்கொள்ளாமல் உட்கார ஓர் ஆள். முடிவு கட்டாதீர்கள், இரண்டே குறிப்புதான். எட்டாவது ஆளை இன்னொரு தடவை சந்தித்தால் வேண்டுமென்றே "வெள்ளம்" என்று சொல்லுங்கள், என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒன்பதாவது ஆளை, வயிறு நிறைய, பேருந்து அவசரம் இல்லாத நாளில்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

ஒன்றை யாரும் சொல்லவில்லையே. இரண்டு பேரிடமும் விழுங்கியது ஒரே விஷயம். அம்மாவைத் தனியாக விட முடியாது, கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே இருப்பது. ஆள் மாறியும் அது மாறவில்லை. என் ஷீட்டில் "ஊர் தூரம்" என்று ஒரு கட்டம் இருப்பதற்கும் இதுதான் காரணம், நானும் அதை நேரில் கேட்டதே இல்லை, கட்டத்தில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

புழையோரம்

தம்பி சொன்னது சரி. நான் பேச்சிலேயே கண்ணாக இருந்து இதைத் தவறவிட்டேன்.

சுரங்கப்பாதை

நானும் இப்படி எழுதினேன், எனக்கு ஒத்துவரவில்லை. அரைப் பக்கம் என்று ஆரம்பித்து ஆறு பக்கம் போகும். அவர் கையை ஏன் மேஜைக்குக் கீழே வைத்தார், நான் ஏன் அப்படிச் சிரித்தேன், விடிய விடிய. எழுத எழுதப் பயம் கூடியது. அப்புறம் இன்னொன்று, வீட்டுக் குரல் வந்துவிட்டால் அவர்தான் ஆள் என்று ஆகிவிடுமா? என் சித்தப்பா பையனிடமும் எனக்கு வீட்டுக் குரல்தான் வருகிறது. பழகிய மாதிரி இருப்பதும் பிடித்திருப்பதும் ஒன்றா?

புழையோரம்

ஆறு பக்கம் போகிறவர்களுக்கு நான் அலாரம் வைக்கச் சொல்வேன், பத்து நிமிஷம் ஆனதும் வாக்கியம் பாதியில் நின்றாலும் மூடிவிட வேண்டும். அப்படியும் மூன்று குறிப்பு தொடர்ந்து பயம் மட்டும்தான் என்றால் நோட்டை நிறுத்திவிட்டு ஒருவரிடம் நேரில் உட்கார்ந்து பேசுவது நல்லது, அங்கே எழுத்து பயத்துக்குத் தீனி போடுகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டும் ஒன்றாக அமைந்த கல்யாணங்களைப் பார்த்திருக்கிறேன், வீட்டுக் குரலோடு நண்பர்களாகவே இருந்துவிட்ட தம்பதிகளையும் பார்த்திருக்கிறேன். அதைக் குறிப்பில் எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெளிவில்லை.

ஆற்றங்கரை

என் நான்கு நாள் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. இங்கே வாசித்துவிட்டு அந்தப் பெண்ணைச் சந்தித்த அன்றைக்கு நான் எதை விழுங்கினேன் என்று யோசித்தேன். எதையும் விழுங்கவில்லை, இரண்டு மணி நேரம் நான்தான் பேசியிருக்கிறேன். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேனா என்பது நினைவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரி

ஒன்பதாவது ஆளை இரண்டாவது தடவை சந்தித்தேன், மலம்புழாவில், சாப்பிட்டுவிட்டு, அவருடைய பைக்கில் வந்து வீட்டுப் பக்கம் இறக்கிவிடுவதாகப் பேச்சு. ரோப்வே வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இது குறிப்பு:

"நன்றாகச் சாப்பிட்டேன், தூக்கமும் சரி. எண் 7. குரல் வீட்டுக் குரல், ஆனால் அவர் தன் அம்மாவோடு போனில் பேசி முடித்ததும் ஐந்து நிமிஷம் என் குரல் இறங்கிவிட்டது. மணி ஒரு தடவை, அந்த ஐந்து நிமிஷத்தில். 'எங்கே இருப்பது' என்று கேட்க வாயெடுத்தேன், 'ஐஸ்கிரீம் சாப்பிடலாமா' என்று வந்தது. அவர் சொன்னது: 'அம்ம தனிச்சாணு.'"

அவருடைய அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார், சித்தூரில். எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லை. அதைக் கேட்டதும் எனக்குள் நடந்தது நிம்மதியா பயமா என்று எழுதவே முடியவில்லை, பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி பார்க்கிறோம். சேச்சி, அந்தக் கேள்வியை எந்த நேரத்தில் கேட்பது?

புழையோரம்

சாப்பாட்டுக்கு முன்னால், உட்கார்ந்த முதல் அரை மணி நேரத்தில். கடைசியில் கேட்கலாம் என்று வைத்தால் பேருந்தும் ஐஸ்கிரீமும் வந்துவிடும். முழுசாகக் கேட்க வேண்டாம். "என் அம்மாவும் தனிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். முதல் தடவை நெல்லைப் பற்றிச் சொன்னபோது நின்று கேட்டவர்தானே.

மீனாட்சிபுரம் கவிதாயினி

சனிக்கிழமை முடிந்ததும் இங்கே எழுதுங்கள். மெசேஜ் பார்ப்பதற்கு முன்னால்.